அம்மா திரும்பத் திரும்பப் படிக்கும் கடிதம்

அம்மாவுக்கு நான் எழுதிய முதல் கடிதம் மூன்று பக்கம். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து, அழுது அழுது எழுதினேன். சின்ன வயதில் எனக்குத் தலை வாரிப் பின்னியது, காலேஜ் ஹாஸ்டலுக்கு முறுக்கு கட்டி அனுப்பியது, அப்பா போன பிறகு அவர் தனியாக இருந்த வருஷங்கள், நான் கோயம்புத்தூரில் இருக்க வேண்டிய காரணம் எல்லாம் அதில் இருந்தது. ஒரு தடவை படித்து நெஞ்சில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவருக்கு எழுத வேண்டிய கடிதம் அது. என் அம்மா அப்போது அப்படிப்பட்டவராக இல்லை.

அவருக்கு எழுபத்தாறு வயதில் அல்சைமர் நோய் என்று சொன்னார்கள். திருச்சி பொன்மலைப்பட்டியில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் தாம்பரத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பகலில் பரவாயில்லை. நாலரை மணி ஆனால் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். "சங்கு ஊதிருச்சா? அவர் வர்ற நேரம். நான் வீட்டுக்குப் போகணும்." அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். அந்தப் பணிமனைச் சங்கை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பதும் காபி கலப்பதும் நடக்கும். தாம்பரத்தில் சங்கு கிடையாது. ஆனால் நாலரை ஆனதும் அம்மாவின் உடம்புக்குள் ஏதோ ஒன்று ஊதிவிடும்.

தம்பி மனைவிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இது யார் வீடு, நான் ஏன் இங்கே இருக்கேன், பாப்பா எங்கே, செலவுக்குப் பணம் யார் தர்றா. ஏழு மணிவரை இதே கேள்விகள் சுற்றி வரும். அவள் பொறுமைசாலி. ஆனாலும் பதினைந்தாவது தடவை அவள் குரல் மாறும், அந்த மாற்றம் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். காகிதத்துக்குக் குரல் மாறாது. அதனால்தான் கடிதம் என்ற யோசனையே வந்தது.

அம்மாவால் படிக்க முடிந்தது. காலையில் சாப்பிட்டது நினைவில் இருக்காது, ஆனால் கடைப் பலகை, பஸ் போர்டு, பேப்பர் தலைப்பு எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பார். புதிய விஷயங்களைப் பதிந்து வைக்கும் மூளைப் பகுதியைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கிறது. சின்ன வயதில் ஊறிப்போன எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் வெகுநாள் தங்கும். அமெரிக்காவில் மிஷெல் பூர்ஷ்வா என்ற பேச்சுப் பயிற்சி நிபுணர் 1990களிலேயே இதை வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியமும் ஒரு படமும் கொண்ட சின்ன நினைவுப் புத்தகங்களை நோயாளிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக்குப் புத்தகத்தைவிடக் கடிதம் பொருந்தும் என்று நினைத்தேன். அம்மா கடிதத்தால் வாழ்ந்தவர். ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் மாதம் இரண்டு இன்லேண்ட் லெட்டர் அவரிடமிருந்து எனக்கு வந்துவிடும்.

முதல் கடிதத்தில், "அப்பா நம்மை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது, அம்மா" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அம்மா விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டு வந்தார். அந்த வரியில் விரல் நின்றது. "எப்போ? எனக்கு ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அரை மணி நேரத்தில் அழுத காரணம் மறந்துபோனது. அழுகை மட்டும் முகத்தில் இருந்தது. மறுபடி கடிதத்தை எடுத்தார். மறுபடி அதே வரி. அன்றைக்கு என் அம்மா மூன்று தடவை புதிதாக விதவையானார். தம்பி மனைவி போனில் சொன்னபோது என்னால் பேச முடியவில்லை.

நிகழ்ச்சி மறந்தாலும் அது கொடுத்த உணர்வு மிஞ்சும் என்பதை அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோகமான படக்காட்சியைப் பார்த்தவர்களுக்குச் சிறிது நேரத்தில் காட்சி மறந்துவிட்டது, சோகம் மறக்கவில்லை. மகிழ்ச்சிக்கும் அப்படித்தான். நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அம்மா முகத்தில் பார்த்துவிட்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை படிக்கப்படும் கடிதத்தில் ஒரு வரி வலித்தால், அது பத்துத் தடவை வலிக்கும்.

இரண்டாவது கடிதத்தை ஒரு பக்கமாகச் சுருக்கினேன். டைப் செய்து, லேமினேட் பண்ணி அனுப்பினேன். அதில் அப்பா இறந்ததைப் பற்றி எதுவும் இல்லை. அது வேறு விதமாகத் தோற்றது, தோற்றதில்தான் நிறைய தெரிந்துகொண்டேன்.

"நீ தம்பி வீட்டில் இருக்கிறாய்" என்று எழுதியிருந்தேன். அம்மா அதைப் படித்துவிட்டு, "தம்பி வீடா? அவன் அரியலூர்ல இல்ல இருக்கான்?" என்றார். எனக்குத் தம்பி என்றால் என் தம்பி. அம்மாவுக்குத் தம்பி என்றால் என் மாமா, அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. அடுத்த வரியில் "அப்பாவின் பென்ஷன்" என்று இருந்தது. அம்மாவுக்கு அப்பா என்றால் என் தாத்தா. "எங்கப்பா விவசாயம் பண்ணினவரு, அவருக்கு ஏது பென்ஷன்?" என்று கேட்டிருக்கிறார். நோய் இல்லாத காலத்தில் அம்மா இதை என் பக்கத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார். மற்றவர் நின்ற இடத்திலிருந்து உறவைக் கணக்குப் போடும் அந்தத் திறன்தான் போய்விட்டது. ஆகவே கடிதத்தில் உறவுப் பெயர்கள் எல்லாம் படிப்பவர் வாயில் வருகிறபடியே இருக்க வேண்டும். அம்மா தன் மகனைத் துரை என்றுதான் கூப்பிடுவார். கணவரை 'அவர்' என்பார். என்னைப் பாப்பா என்பார். இந்த மூன்று சொற்களைத் தவிர வேறு எதுவும் எடுபடவில்லை.

அடுத்தது "நாளைக்குப் பேசுகிறேன்", "வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்ற வரிகள். திரும்பத் திரும்பப் படிக்கும் கடிதத்தில் நாளைக்கு என்ற சொல் தினமும் பொய்யாகும். வெள்ளிக்கிழமை என்று படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறார். ஆறு மணிக்கு போன் பண்ணுவேன் என்று எழுதினால், ஒரு நாள் மீட்டிங் நீண்டாலும் கடிதம் பொய்யாகிவிடும். தேதியும் போடக்கூடாது. தேதியைப் பார்த்தால் "இது பழைய லெட்டரு" என்று மடித்து வைத்துவிடுகிறார்.

"வெளியே போக வேண்டாம்" என்பது இன்னொரு தவறு. தமிழில் இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அம்மா ஒவ்வொரு சொல்லாக ஏந்திக்கொண்டு வரும்போது "வெளியே போக" என்பது மனதில் ஏறிவிடும், வேண்டாம் வருவதற்குள் எழுந்துவிடுவார். "பயப்படாதே" என்று எழுதினால், "எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்பார். அதன் பிறகு எதிர்மறை வாக்கியம் ஒன்றுகூட எழுதுவதில்லை. போக வேண்டாம் என்பதற்குப் பதில் "இங்கேயே இரு" என்று எழுதினேன்.

லேமினேஷனும் சரிப்படவில்லை. டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு வெள்ளையாக அடித்தது. அம்மா அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஏதோ அட்டை என்று வைத்துவிடுவார். அவருக்குக் கடிதம் என்றால் மடிக்க முடிய வேண்டும்.

மூன்றாவதை எழுதுவதற்கு முன்னால், அவர் எனக்கு எழுதிய பழைய இன்லேண்ட் லெட்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் படித்தேன். எல்லாவற்றிலும் மேலே பிள்ளையார் சுழி. "நலம், நலமறிய ஆவல்." சின்னச் சின்ன வாக்கியங்கள். அப்புறம் அந்த எழுத்து. அம்மா 1950களில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது 1978ல். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது அதற்குப் பிறகு. அம்மா எப்போதும் லை, னை எழுதும்போது தலையில் யானைத் துதிக்கை போலச் சுழித்துத்தான் எழுதுவார். றா, னா, ணா எல்லாம் தனிக் கால் போடாமல் கீழே வளைத்துச் சேர்த்து எழுதுவார். புதிய எழுத்தை நாற்பது வருஷம் பேப்பரில் படித்தவர்தான். ஆனால் வீடியோ அழைப்பில் கவனித்தபோது, டைப் செய்த கடிதத்தில் அந்த எழுத்துகள் வரும் இடங்களில் விரல் கொஞ்சம் தயங்கியது. நான் பழைய எழுத்தை அவருடைய கடிதங்களைப் பார்த்தே பழகிக்கொண்டு, கையால் எழுதினேன். தயக்கம் குறைந்தது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் அம்மாவோ அப்பாவோ அந்தக் காலத்துப் பள்ளியில் படித்தவர் என்றால், இரண்டு விதமாகவும் ஒரு வரி எழுதிக் காட்டிப் பாருங்கள்.

கெட்டியான வெள்ளைத் தாள், கொஞ்சம் மங்கலான பரப்பு, கறுப்பு ஸ்கெட்ச் பேனா. எழுத்து ஒவ்வொன்றும் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம். வரிகளுக்கு நடுவே விரல் வைக்கும் அளவு இடம். ஒரே பக்கம். பின்பக்கத்தில் எழுதினால் திருப்ப மறந்துவிடுவார். எழுதியது இதுதான்:

உ
அன்புள்ள அம்மாவுக்குப் பாப்பா எழுதுவது.
நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.
நீ துரை வீட்டில் இருக்கிறாய். துரை உன் மகன்.
துரையும் மருமகளும் உன்னோடு இருக்கிறார்கள்.
ராத்திரி உனக்குச் சாப்பாடும் படுக்கையும் இங்கேயே.
பொன்மலை வீடு பூட்டிப் பத்திரமாக இருக்கிறது. சாவி துரையிடம்.
ரயில்வே பென்ஷன் மாதா மாதம் வருகிறது. பணம் போதும்.
உன் ரசத்தைப் பற்றி அவர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.
இங்கேயே இரு, அம்மா. சூடாகக் காபி குடி.
உன் பாப்பா.

அப்பா பற்றிய வரிக்குத்தான் ரொம்ப நாள் எடுத்தது. அவர் டூட்டியில் இருக்கிறார் என்று எழுதிவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனது வரவில்லை, அது மட்டும் காரணமில்லை. அம்மாவுக்குத் தெளிவான நேரங்கள் இருந்தன. அந்த நேரத்தில் கணவர் இறந்தது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்போது "டூட்டியில் இருக்கிறார்" என்று படித்தால் கடிதம் முழுவதும் பொய் என்று முடிவு கட்டிவிடுவார், அடுத்த வரிகளும் பயனில்லாமல் போகும். சொன்னார் என்று எழுதினால் போய்விட்டவர் ஆகிறார். சொல்கிறார் என்றால் பொய். 'சொல்வார்' என்பதில் இரண்டும் அடங்கும். அந்தக் காலத்தில் வழக்கமாகச் சொல்வார் என்றும் படிக்கலாம், இன்றைக்கும் சொல்வார் என்றும் படிக்கலாம். எந்த நிலையில் படித்தாலும் அது உண்மை, எந்த நிலையிலும் வலிக்காது. அந்த வரியில் அம்மாவின் விரல் இப்போதும் நிற்கும். ஆனால் சிரிப்பார். "அவருக்கு மிளகு தூக்கலா இருக்கணும்" என்பார்.

"அவர் எங்கே?" என்று வாயால் கேட்டால் அதற்குக் கடிதத்தைக் காட்டக் கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். காகிதம் முகத்தைப் பார்த்துப் பேசாது. பக்கத்தில் இருப்பவரால்தான் அது முடியும். அன்றைய நிலைமையைப் பார்த்து, "அவரை நினைச்சுக்கிட்டிருக்கீங்களா அத்தை? என்ன பிடிக்கும் அவருக்கு?" என்று கேட்பாள் தம்பி மனைவி. பெரும்பாலும் பேச்சு அப்படியே ரசத்துக்கோ சந்தைக்கோ போய்விடும்.

வீட்டுச் சாவி வரியைப் பார்த்து என் தோழி ஒருத்தி தன் அப்பாவுக்கும் அப்படி எழுத நினைத்தாள். அவர்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். அப்படி இருந்தால் அந்த வரியை விட்டுவிட வேண்டியதுதான். உண்மையான வரியாகக் கிடைப்பதை மட்டும் எழுதினால் போதும்.

எழுதிய மூலத்தை ஒரு ஃபைலில் வைத்துவிட்டு, பத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அம்மா கடிதத்தை ரவிக்கைக்குள் செருகுவார், தலையணை உறைக்குள் வைப்பார், ஒரு தடவை அரிசி டப்பாவில் இருந்தது. காபி கொட்டும், மடிப்பு கிழியும். ஒன்று காணாமல் போனால் தம்பி மனைவி சத்தமில்லாமல் இன்னொன்றை அவருடைய பழைய கைப்பையின் வெளி ஜிப்பில் வைத்துவிடுவாள். எப்போதும் அதே ஜிப். கையைத் தானாக அங்கே கொண்டுபோக ஒரு மாதம் ஆனது.

எப்போது கொடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. அம்மா வாசலுக்குப் போன பிறகு கொடுத்தால் கையால் தள்ளிவிடுவார். நாலு மணிக்கே, காபி போடுவதற்கு முன்னால், கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, "பாப்பா லெட்டர் எழுதியிருக்கா அத்தை, படிச்சுக் காட்டுங்களேன்" என்பாள். இப்படிக் கேட்டால் அம்மா அவளுக்காகப் படிப்பார். "ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி வந்தாலே முகம் சுருங்கிவிடும். படித்து முடித்ததும் கடைசி வரியில் சொன்ன காபி சூடாகக் கைக்கு வர வேண்டும். கடிதம் சொன்ன ஒன்று கண்முன்னே நடந்தால் மற்றதையும் நம்புகிறார்.

கேள்விகள் நின்றுவிடவில்லை. வாசலுக்குப் போவது வாரத்தில் ஏழு நாளிலிருந்து இரண்டு மூன்று நாளாகக் குறைந்தது, அதுவும் சீக்கிரம் திரும்பி வந்துவிடுவார். தம்பி மனைவிக்குச் சாயங்காலத்தில் அரை மணி நேரம் தலை வாரிக்கொள்ளக் கிடைத்தது. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு வாரம் திடீரென்று எதுவும் எடுபடவில்லை. அம்மா கடிதத்தைக் கிழித்தார், ராத்திரி தூங்கவில்லை, இல்லாத ஆட்களோடு பேசினார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து நான் அழுதேன். டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னார். சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தார், கடிதமும் மறுபடி வேலை செய்தது. அல்சைமர் நோய் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கும். ஒன்றிரண்டு நாளில் ஆள் மாறிப்போனால் காரணம் பெரும்பாலும் வேறு, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மெதுவான இறக்கமும் வந்தது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் கழித்து, அம்மா எல்லா வரியையும் தடங்கலில்லாமல் படித்தார், ஆனால் சாவி வரியில் தலையசைக்கவில்லை, ரச வரியில் சிரிக்கவில்லை. வாய் படிக்கிறது, பொருள் போய்ச் சேரவில்லை. இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நன்றாகத்தானே படிக்கிறார் என்று நாங்கள் ஒரு மாதம் ஏமாந்தோம். அப்புறம் நாலு வரியாக்கினேன். எழுத்து இன்னும் பெரிது.

அன்புள்ள அம்மாவுக்குப் பாப்பா எழுதுவது.
துரை வீட்டில் இருக்கிறாய்.
எல்லாரும் உன்னோடு இருக்கிறோம்.
காபி குடி, அம்மா.

மேலே பிள்ளையார் சுழி மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் இப்போதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

போன மாதம் தாம்பரம் போயிருந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் அம்மா, "வாங்க, உக்காருங்க" என்றார். என்னை யார் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என் சேலைக் கரையைத் தடவிப் பார்த்தார். பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்து மடியில் விரித்தார். "எம் பொண்ணு லெட்டர் போட்டிருக்கா, படிக்கிறேன் கேளுங்க" என்று விரலை முதல் சொல்லில் வைத்தார்.